ரான்ஸ்கியன் பூஜ்ஜியமானால் என்ன பொருள்? சார்புகளின் சாராமையைச் சோதிக்கும் முழுமையான வழிகாட்டி

கல்லூரி மாணவர்களின் விடைத்தாள்களில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை ஒன்று உண்டு. இரண்டு சார்புகளைக் கொடுத்து, இவை ஒன்றையொன்று சார்ந்தவையா என்று கேட்டிருப்பார்கள். மாணவர் ரான்ஸ்கியன் என்ற அணிக்கோவையைப் பிழையில்லாமல் விரித்து, பூஜ்ஜியம் என்று சரியாகவே கண்டுபிடித்து, "ஆகவே இவை சார்ந்தவை" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருப்பார். கணக்கு சரி, முடிவு தவறு. அந்த "ஆகவே" எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் f(x) என்பதைச் "சார்பு" என்கிறோம். ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருப்பதையும் அதே வேர்ச்சொல்லால்தான் சொல்கிறோம். "சார்புகளின் சார்பின்மை" என்று எழுதினால் படிப்பவருக்குத் தலை சுற்றும். அதனால் இங்கே "சார்பு" என்றால் f(x) மட்டுமே. நேரியல் சார்பின்மை என்று நூல்கள் சொல்வதைச் "சாராமை" என்றும், அதற்கு எதிரானதைச் "சார்ந்தவை" என்றும் எழுதுகிறேன்.

படி 1: எதைச் சோதிக்கிறோம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்

ஓர் இடைவெளி I-யில் f, g என்ற இரு சார்புகள் இருக்கின்றன. இரண்டும் ஒருசேரப் பூஜ்ஜியமாகாத மாறிலிகள் a, b கிடைத்து, I-யில் உள்ள ஒவ்வொரு x-க்கும்

```
a f(x) + b g(x) = 0
```

என்று அமைந்தால் அவை சார்ந்தவை. அப்படிப்பட்ட மாறிலிகள் கிடைக்கவே கிடைக்காது என்றால் சாராதவை. மூன்று, நான்கு சார்புகளுக்கும் இதே வரையறைதான்.

இந்த வரையறையில் இரண்டு இடங்களை விரல் வைத்துப் படிக்க வேண்டும். ஒன்று, மாறிலிகள் எல்லா x-க்கும் அதே மாறிலிகளாக இருக்க வேண்டும். x = 1-இல் ஒரு ஜோடி, x = 2-இல் வேறொரு ஜோடி என்று மாற்றிக்கொள்ளக் கூடாது. இரண்டு, இடைவெளி எது என்பது கேள்வியின் ஒரு பகுதி. அதே இரு சார்புகள் ஓர் இடைவெளியில் சார்ந்தவையாகவும், அதைவிடப் பெரிய இடைவெளியில் சாராதவையாகவும் இருக்கலாம். கேள்வித்தாளில் இடைவெளி தரப்படவில்லை என்றால், நீங்களே ஒன்றை எழுதிக்கொண்டு தொடங்குங்கள். பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

படி 2: அணிக்கோவையை அமையுங்கள்

a f + b g = 0 என்பது இடைவெளி முழுவதும் உண்மை என்றால், இரு பக்கத்தையும் வகையிடலாம். அப்போது a f′ + b g′ = 0 என்பதும் உண்மையாகிறது. ஆக, ஒவ்வொரு x-இலும் a, b என்ற இரு தெரியாத எண்களுக்கு இரண்டு சமன்பாடுகள் கிடைக்கின்றன. வலப்பக்கம் இரண்டிலும் பூஜ்ஜியம். இந்தத் தொகுப்புக்குப் பூஜ்ஜியம் அல்லாத தீர்வு இருக்க வேண்டுமானால், கெழுக்களின் அணிக்கோவை பூஜ்ஜியமாக வேண்டும்:

```
W(x) = | f   g  |
       | f'  g' |  =  f g' - g f'
```

இதுதான் ரான்ஸ்கியன். போலந்து நாட்டவரான வ்ரோன்ஸ்கி 1812-இல் இதைப் பயன்படுத்தினார். 1882-இல் தாமஸ் மியூர் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். மூன்று சார்புகள் என்றால் முதல் நிரையில் சார்புகள், இரண்டாவதில் முதல் வகைக்கெழுக்கள், மூன்றாவதில் இரண்டாம் வகைக்கெழுக்கள். n சார்புகளுக்கு n−1 முறை வகையிட வேண்டும். அத்தனை முறை வகையிட முடியாத சார்புக்கு இந்தச் சோதனையே கிடையாது.

மேலே நாம் நடந்த திசையைக் கவனியுங்கள். "சார்ந்தவை" என்பதிலிருந்து புறப்பட்டு "எல்லா x-இலும் W பூஜ்ஜியம்" என்பதற்கு வந்து சேர்ந்தோம். திரும்பி வரும் பாதையை இன்னும் போடவில்லை. நாம் நிறுவியதிலிருந்து நேரடியாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று: ஏதாவது ஒரே ஒரு புள்ளியிலாவது W பூஜ்ஜியமாகவில்லை என்றால், சார்புகள் சாராதவை. இதற்கு வேறு எந்த நிபந்தனையும் தேவையில்லை.

படி 3: ஒரே ஒரு புள்ளியில் பூஜ்ஜியமில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள்

e^x, e^(2x), e^(3x) மூன்றையும் எடுத்துக்கொள்வோம். பலர் முழு அணிக்கோவையையும் x-ஓடு சேர்த்து விரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். தேவையே இல்லை. ஒரு புள்ளி போதும் என்று இப்போதுதான் பார்த்தோம். வகைக்கெழுக்களை எழுதிவிட்டு, விரிப்பதற்கு முன்பே x = 0 என்று பிரதியிடுங்கள்:

```
| 1  1  1 |
| 1  2  3 |
| 1  4  9 |
```

முதல் நிரையால் விரித்தால் 1·(18 − 12) − 1·(9 − 3) + 1·(4 − 2) = 6 − 6 + 2 = 2. பூஜ்ஜியம் இல்லை. மூன்றும் சாராதவை; வேலை முடிந்தது. முழுமையாக விரித்தால் W = 2e^(6x) என்று வரும். கணினியில் சரிபார்க்க விரும்பினால் பைத்தானின் சிம்பை தொகுப்பில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது:

```python
from sympy import symbols, exp, wronskian, simplify
x = symbols('x')
print(simplify(wronskian([exp(x), exp(2*x), exp(3*x)], x)))
```

simplify-ஐ விட்டுவிடாதீர்கள். சுருக்கப்படாத நீண்ட கோவை ஒன்று திரையில் வந்து நின்றால், அது உண்மையில் பூஜ்ஜியம்தான் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

எண்ணாகக் கணக்கிடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. e^x, e^(1.0001x) இரண்டுக்கும் x = 0-இல் W-இன் மதிப்பு 0.0001. சிறிய எண்தான், ஆனால் பூஜ்ஜியம் இல்லை, சார்புகள் சாராதவையே. இரண்டில் ஒன்றை ஆயிரத்தால் பெருக்கினால் W-உம் ஆயிரம் மடங்காகிவிடும். சாராமையில் எந்த மாற்றமும் இருக்காது. எனவே W "எவ்வளவு சிறியது" என்பதற்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. பூஜ்ஜியமா, இல்லையா என்பது மட்டுமே கேள்வி.

படி 4: பூஜ்ஜியம் வந்தால், எங்கே பூஜ்ஜியம் என்று பிரியுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். "ஒரு புள்ளியில் பூஜ்ஜியம்" என்பதும் "இடைவெளி முழுவதும் பூஜ்ஜியம்" என்பதும் இரு வேறு செய்திகள்.

x, x² இரண்டையும் பாருங்கள். W = x·2x − x²·1 = x². x = 0-இல் இது பூஜ்ஜியம். அந்தப் புள்ளியை மட்டும் பிரதியிட்டுப் பார்த்தவர் "சார்ந்தவை" என்று எழுதிவிடுவார். ஆனால் x = 1-இல் W = 1. படி 3-இன்படி ஒரு புள்ளி போதும். ஆகவே இவை சாராதவை. 0-இல் வந்த பூஜ்ஜியம் சாராமையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

அப்படியானால் அந்தப் பூஜ்ஜியம் சும்மா வந்ததா என்றால், அதுவும் இல்லை. அது வேறொன்றைச் சொல்கிறது. x, x² இரண்டும் x²y″ − 2xy′ + 2y = 0 என்ற வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வுகள். y = x² என்று பிரதியிட்டால் 2x² − 4x² + 2x² = 0, சரியாக இருக்கிறது. இந்தச் சமன்பாட்டை y″-இன் கெழு 1 ஆகும்படி x²-ஆல் வகுத்தால், y′-இன் கெழு −2/x. அது x = 0-இல் உடைகிறது. W பூஜ்ஜியமானதும் அதே இடத்தில்தான். இந்தப் பொருத்தம் தற்செயலானது அல்ல என்பதைப் படி 6-இல் பார்ப்போம்.

படி 5: எங்கும் பூஜ்ஜியம், ஆனாலும் சாராதவை

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருகிறோம். x², x|x| என்ற இரண்டையும் −1-இலிருந்து 1 வரையான இடைவெளியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

x|x| என்பது வலப்பக்கத்தில் x², இடப்பக்கத்தில் −x². நடுவில் 0-இல் இதை வகையிட முடியுமா? h|h|/h = |h|; h பூஜ்ஜியத்தை நெருங்கும்போது இதுவும் பூஜ்ஜியத்தை நெருங்குகிறது. எனவே வகைக்கெழு இருக்கிறது, அதன் மதிப்பு 0. மற்ற இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் x|x|-இன் வகைக்கெழு 2|x|. அது தொடர்ச்சியான சார்பும்கூட. ஆக, சோதனைக்குத் தேவையான தகுதிகள் எல்லாம் இருக்கின்றன. ரான்ஸ்கியன்:

```
W = x² · 2|x| - x|x| · 2x = 2x²|x| - 2x²|x| = 0
```

எல்லா x-இலும் பூஜ்ஜியம். ஒரு புள்ளிகூட விதிவிலக்கில்லை. ஆனால் a x² + b x|x| = 0 என்று வைத்து வரையறையைச் சோதித்துப் பாருங்கள். x = 1/2 என்றால் a/4 + b/4 = 0. x = −1/2 என்றால் a/4 − b/4 = 0. இரண்டையும் கூட்டினால் a = 0, பிறகு b = 0. வேறு வழியே இல்லை. இவை சாராதவை.

1889-இல் இத்தாலியரான பியானோ, மாத்தெசிஸ் என்ற பெல்ஜிய இதழில் இந்த வகை எடுத்துக்காட்டைத்தான் முன்வைத்தார். W முழுவதும் பூஜ்ஜியமானால் சார்புகள் சார்ந்தவை என்று எந்த நிபந்தனையும் இல்லாமல் அதுவரை பாடநூல்கள் எழுதிக்கொண்டிருந்தன. ஆகவே, இந்தப் பிழையைச் செய்யும் மாணவர் தனியாள் இல்லை. பெரியவர்கள் போன பாதையில்தான் அவரும் போகிறார்.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பிறகு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. g/f என்ற விகிதத்தை வகையிடுங்கள்:

```
(g/f)' = (f g' - g f') / f² = W / f²
```

W = 0 என்றால் விகிதத்தின் வகைக்கெழு பூஜ்ஜியம்; விகிதம் மாறிலி; g = c f; சார்ந்தவை. நிரூபணம் முடிந்துவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் f-ஆல் வகுத்திருக்கிறோம். f பூஜ்ஜியமாகாத ஒரே நீட்சிக்குள் மட்டுமே இந்த வாதம் நடக்கும். f ஓரிடத்தில் பூஜ்ஜியமானால் அந்த இடம் ஒரு வேலி போல நிற்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு மாறிலி, அந்தப் பக்கம் வேறொரு மாறிலி வரலாம். நம் எடுத்துக்காட்டில் வலப்பக்கம் c = 1, இடப்பக்கம் c = −1. ஒவ்வொரு பக்கத்திலும் அவை சார்ந்தவையே. முழு இடைவெளிக்கும் பொதுவான ஒரே மாறிலிதான் இல்லை. படி 1-இல் "அதே மாறிலி" என்று விரல் வைத்துப் படிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

x|x| கொஞ்சம் முரட்டுச் சார்பு, 0-இல் இரண்டாம் வகைக்கெழு இல்லாதது, அதனால்தான் இந்தக் கோளாறு என்று யாராவது சொல்லக்கூடும். அது சரியில்லை. e^(−1/x²) என்ற சார்பை f என்று எடுத்து, 0-இல் அதன் மதிப்பை 0 என்று வையுங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடலாம். 0-இல் எல்லா வகைக்கெழுக்களும் பூஜ்ஜியம். இதன் இடப்பாதியை மட்டும் தலைகீழாகப் புரட்டி, அதை g என்று கொள்ளுங்கள். அதையும் எத்தனை முறையும் வகையிடலாம். வலப்பக்கம் g = f, இடப்பக்கம் g = −f. ஆகவே W எங்கும் பூஜ்ஜியம், சார்புகளோ சாராதவை. வழவழப்பு எவ்வளவு கூடினாலும் அது மட்டும் நம்மைக் காப்பாற்றாது.

படி 6: பூஜ்ஜியத்தை நம்பலாமா என்று தீர்மானியுங்கள்

W எங்கும் பூஜ்ஜியம் என்று வந்துவிட்டது. "சார்ந்தவை" என்று எழுதும் முன் மூன்று நிலைமைகளில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று போதும்.

முதலாவது, வேலியே இல்லாத நிலைமை. இரண்டு சார்புகளில் ஒன்று இடைவெளியில் எங்கும் பூஜ்ஜியமாகவில்லை என்றால், மேலே செய்த விகித வாதம் தடையின்றி நடக்கும். e^x ஒரு சார்பாக இருந்தால் கவலையே வேண்டாம். n சார்புகளுக்கும் இதன் விரிவு உண்டு: n சார்புகளின் W முழுவதும் பூஜ்ஜியமாக இருந்து, அவற்றில் ஏதோ n−1 சார்புகளின் ரான்ஸ்கியன் இடைவெளியில் ஒரு புள்ளியிலும் பூஜ்ஜியமாகாமல் இருந்தால், n சார்புகளும் சார்ந்தவை.

இரண்டாவது, எல்லாச் சார்புகளையும் இடைவெளியின் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் அடுக்குத் தொடராக எழுத முடிகிற நிலைமை. பல்லுறுப்புக்கோவைகள், sin, cos, e^x, இவற்றைக் கூட்டியும் பெருக்கியும் கிடைப்பவை எல்லாம் இந்த வகை. இத்தகைய சார்பு ஒரு சின்ன நீட்சியில் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால், முழு இடைவெளியிலும் அதன் மதிப்பு தீர்மானமாகிவிடும். வேலிக்கு இந்தப் பக்கம் g = c f என்றால், g − c f என்ற சார்பு ஒரு நீட்சி முழுவதும் பூஜ்ஜியம்; எனவே எங்கும் பூஜ்ஜியம். வேலியைத் தாண்டும்போது மாறிலி மாற முடியாது. |x|, e^(−1/x²) போன்றவை இந்த வகைக்குள் வராததால்தான் படி 5-இன் வேடிக்கை சாத்தியமானது. நம் தேர்வுகளில் வரும் பெரும்பாலான கணக்குகள் இந்த இரண்டாம் நிலைமையில் அடங்கிவிடுகின்றன. தவறான காரணம் எழுதியவருக்கும் சரியான விடை வந்துவிடுவதும், பிழை பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமல் இருப்பதும் இதனால்தான்.

இங்கே ஒரு சின்ன எடுத்துக்காட்டு: sin²x, cos²x, cos 2x. வகைக்கெழு நிரைகளை எழுதினால் இரண்டாம் நிரை sin 2x · (1, −1, −2). மூன்றாம் நிரை 2cos 2x · (1, −1, −2). இரண்டு நிரைகளும் ஒன்றின் மடங்கு மற்றொன்று; எனவே விரிக்காமலே W = 0. மூன்றும் அடுக்குத் தொடராக விரியும் சார்புகள். ஆகவே சார்ந்தவை என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் நானாக இருந்தால் அத்தோடு நிறுத்த மாட்டேன். W = 0 வந்தவுடன் மாறிலிகளைத் தேடிப் பிடித்து எழுதுவேன்: cos²x − sin²x − cos 2x = 0. இந்த ஒரு வரி கையில் இருந்தால் எந்தத் தேற்றத்தையும் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. வரையறையே நிறைவேறிவிட்டது.

மூன்றாவது நிலைமை, சார்புகள் எல்லாம் ஒரே வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வுகளாக இருப்பது. y″ + p y′ + q y = 0 என்று கொள்வோம்; p, q இரண்டும் இடைவெளியில் தொடர்ச்சியானவை. f, g இதன் தீர்வுகள். W = f g′ − g f′ என்பதை வகையிட்டால் W′ = f g″ − g f″. இதில் f″ = −p f′ − q f, g″ = −p g′ − q g என்று பிரதியிட்டால் q உள்ள உறுப்புகள் அடிபட்டு, W′ = −p W என்று எஞ்சும். இதன் தீர்வு:

```
W(x) = W(x0) · e^(-∫ p dx)      (x0 முதல் x வரை)
```

இது ஏபெல் கண்ட முற்றொருமை. அடுக்குக்குறிச் சார்பு ஒருபோதும் பூஜ்ஜியமாகாது. ஆகவே W ஒரு புள்ளியில் பூஜ்ஜியமானால் எங்கும் பூஜ்ஜியம். ஒரு புள்ளியில் இல்லையென்றால் எங்கும் இல்லை. இடையில் விழுந்து எழும் பேச்சே கிடையாது. மேலும், x0-இல் W = 0 என்றால், எல்லாம் ஒருசேரப் பூஜ்ஜியமாகாத மாறிலிகளைக் கொண்டு y = a f + b g என்பதை y(x0) = 0, y′(x0) = 0 ஆகும்படி அமைக்கலாம். இந்தத் தொடக்க மதிப்புகளுக்குப் பூஜ்ஜியத் தீர்வும் பொருந்துகிறது. தீர்வோ ஒன்றே ஒன்றுதான். எனவே y எங்கும் பூஜ்ஜியம். f, g சார்ந்தவை. இந்த நிலைமையில் மட்டும் ஒரே ஒரு புள்ளியின் பூஜ்ஜியம் இரு பக்கமும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

படி 4-இல் தள்ளிவைத்த புதிருக்கும் விடை இதில்தான் இருக்கிறது. p = −2/x என்று வைத்தால், 0-ஐத் தொடாத இடைவெளியில் W என்பது x²-இன் மடங்காக வருகிறது; நாம் கண்டதும் x²-தான். 0-ஐ உள்ளடக்கிய இடைவெளியில் p தொடர்ச்சியாக இல்லாததால் முற்றொருமை அங்கே செல்லாது.

இந்த மூன்றாம் நிலைமையில் ஒரு பொறி இருக்கிறது. நன்றாகப் படிப்பவர்களும் இதில் விழுகிறார்கள். x, x² இரண்டும் y‴ = 0 என்ற சமன்பாட்டின் தீர்வுகளும்கூட. அதன் கெழுக்கள் எல்லாம் தொடர்ச்சியானவை. 0-இல் எந்த உடைப்பும் இல்லை. 0-இல் W = 0. அப்படியானால் அவை சார்ந்தவை ஆக வேண்டுமே? ஆகவில்லை. ஏனென்றால் அது மூன்றாம் வரிசைச் சமன்பாடு. நம்மிடம் இருப்பது இரண்டு சார்புகள். சார்புகளின் எண்ணிக்கையும் சமன்பாட்டின் வரிசையும் சமமாக இருந்தால்தான் இந்தத் தேற்றம். விடை எழுதும்போது "இவை ஒரே சமன்பாட்டின் தீர்வுகள்" என்று மட்டும் எழுதாமல், அந்தச் சமன்பாட்டின் வரிசையையும் எழுதிவிடுங்கள்.

படி 7: எதுவும் பொருந்தவில்லை என்றால் புள்ளிகளுக்குப் போங்கள்

W எங்கும் பூஜ்ஜியம். மூன்று நிலைமைகளில் ஒன்றும் இல்லை. அப்போது ரான்ஸ்கியன் வாயை மூடிக்கொண்டது என்று பொருள். வகைக்கெழுக்களை விட்டுவிட்டுச் சார்புகளின் மதிப்புகளுக்கே திரும்புங்கள். n சார்புகளுக்கு n புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் எல்லாச் சார்புகளின் மதிப்புகளையும் ஒரு நிரையாக எழுதி, அணிக்கோவையைக் காணுங்கள். அது பூஜ்ஜியமில்லை என்றால் சார்புகள் சாராதவை.

x², x|x| இரண்டுக்கும் 1, −1 என்ற புள்ளிகளை எடுத்தால்:

```
| 1   1 |
| 1  -1 |  =  -2
```

முடிந்தது. ஆனால் 1, 1/2 என்ற புள்ளிகளை எடுத்திருந்தால் நிரைகள் (1, 1), (1/4, 1/4) என்று வந்து அணிக்கோவை பூஜ்ஜியமாகியிருக்கும். வேலியின் ஒரே பக்கத்தில் இரண்டு புள்ளிகளையும் வைத்ததன் விளைவு அது. எனவே இங்கும் ஒருமுறை வந்த பூஜ்ஜியம் எதையும் நிறுவுவதில்லை. ஆயினும் ரான்ஸ்கியனுக்கு இல்லாத ஒரு வலிமை இந்தச் சோதனைக்கு உண்டு: சார்புகள் சாராதவை என்றால், அணிக்கோவை பூஜ்ஜியமாகாத n புள்ளிகள் கட்டாயம் எங்கோ இருக்கும். வகையிட முடியாத சார்புகளுக்கும் இது பொருந்தும்.

புள்ளிகளைத் தேடப் பொறுமை இல்லாதவர்களுக்குத் தொகையீட்டு வழி இருக்கிறது. தொடர்ச்சியான f, g இரண்டுக்கும் f², f g, g² ஆகியவற்றை இடைவெளி முழுவதும் தொகையிட்டு, 2×2 அணிக்கோவை அமையுங்கள். நம் ஜோடிக்கு −1 முதல் 1 வரை x⁴-இன் தொகை 2/5. x³|x| ஒற்றைச் சார்பு. அதன் தொகை 0. (x|x|)² என்பதும் x⁴ தான். அணிக்கோவை (2/5)(2/5) − 0 = 4/25. இந்த அணிக்கோவை பூஜ்ஜியமானால் சார்ந்தவை, இல்லையென்றால் சாராதவை. இரண்டு திசையிலும் செல்லும். விலை என்னவென்றால், தொகையீடுகள் எல்லா நேரமும் இவ்வளவு எளிதாக வராது.

முழுக் கணக்கு ஒன்று

எல்லாப் படிகளையும் ஒரே கணக்கில் நடந்து பார்ப்போம். மெய்யெண் கோடு முழுவதும் 1, x³, |x|³ என்ற மூன்று சார்புகள்.

|x|³-இன் முதல் வகைக்கெழு 3x|x|, இரண்டாவது 6|x|. 0-இலும் இரண்டும் இருக்கின்றன. ஆகவே சோதனைக்குத் தடையில்லை. 1-இன் வகைக்கெழுக்கள் பூஜ்ஜியம் என்பதால் 3×3 அணிக்கோவை 2×2 ஆகச் சுருங்குகிறது:

```
W = | 3x²  3x|x| |
    | 6x   6|x|  |  =  18x²|x| - 18x²|x| = 0
```

எங்கும் பூஜ்ஜியம். இனி நம்பலாமா என்ற கேள்வி. |x|³-ஐ 0-ஐச் சுற்றி அடுக்குத் தொடராக எழுத முடியாது. இரண்டாம் நிலைமை இல்லை. இவை மூன்றும் தொடர்ச்சியான கெழுக்கள் கொண்ட ஒரு மூன்றாம் வரிசைச் சமன்பாட்டின் தீர்வுகள் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நிலைமையும் இல்லை. முதல் நிலைமைக்கு இரண்டிரண்டாக எடுத்துப் பார்க்க வேண்டும். 1, x³ இரண்டின் ரான்ஸ்கியன் 3x². 1, |x|³ இரண்டின் ரான்ஸ்கியன் 3x|x|. x³, |x|³ இரண்டுக்கும் x³·3x|x| − |x|³·3x² = 3x⁴|x| − 3x²|x|³. |x|³ = x²|x| என்பதால் இதுவும் எங்கும் பூஜ்ஜியம். ஆக, மூன்று ஜோடிகளுமே 0-இல் பூஜ்ஜியமாகின்றன. வேலி 0-இல் நிற்கிறது.

வேலி எங்கே என்று தெரிந்துவிட்டதால், புள்ளிகளை எங்கே எடுப்பது என்பதும் தெரிந்துவிட்டது. வேலியில் ஒன்று, அதன் இரு பக்கமும் ஒவ்வொன்று: 0, 1, −1.

```
| 1   0   0 |
| 1   1   1 |
| 1  -1   1 |  =  1·(1·1 - 1·(-1))  =  2
```

பூஜ்ஜியம் இல்லை. 1, x³, |x|³ மூன்றும் மெய்யெண் கோட்டில் சாராதவை. இதே கேள்வியை x > 0 என்ற இடைவெளியில் கேட்டிருந்தால், x³ − |x|³ = 0 என்று ஒரே வரியில் எழுதி, சார்ந்தவை என்று முடித்திருக்கலாம்.